கழுத்தில் வெட்டிய பெயர்

பேத்தியின் புது வீட்டுக்கு வந்திருந்த 84 வயதுப் பாட்டி ஒருவர், சென்னையில் ஒரு பழம்பொருள் கடையில் தம் கல்யாணச் சீர்த் தவலையைக் கண்டுபிடித்தார். வீட்டை விட்டு அது போய் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. வரவேற்பறையில் மீன் விட்டு, தாமரை மிதக்கவிட நல்ல அகலமான பாத்திரமாக ஒன்று வேண்டும் என்று பேத்திதான் அந்தக் கடைக்குக் கூட்டிப்போயிருந்தாள். கடைவாசலில் பாட்டிக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து உள்ளே பார்த்தவர் எழுந்து நேராகப் போய், அடுக்கி வைத்திருந்த பாத்திரங்களில் ஒன்றின் வாய்க்குள் கையை விட்டார். முழங்கை வரை உள்ளே போன கை, வயிற்றுப் பக்கம் எதையோ தடவிக்கொண்டே இருந்தது.

“இது என் தவலைடி” என்றார்.

பேத்தி சிரித்திருக்கிறாள். “அம்மாச்சி, எல்லாத் தவலையும் ஒரே மாதிரிதான் இருக்கும்.”

“இருக்காது. உள்ள சொட்டை இருக்கு பாரு. உங்க பெரிய மாமா ஒலக்கையைத் தள்ளிவிட்டது.”

அந்தப் பேத்தி என்னோடு வேலை பார்த்தவர். அவர் மூலமாகத்தான் பாட்டியைப் பார்த்து நிதானமாகப் பேச முடிந்தது. பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பெயரின் கடைசி எழுத்து இந்தக் கதைக்கு வேண்டியிருக்கிறது. அதை மட்டும் சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன்: ‘லை’.

வயதானவர்கள் பழைய பொருளைப் பார்த்ததும் தம்முடையது என்று நினைத்துக்கொள்வது உண்டு. ஆசை அப்படி நினைக்க வைக்கும். கடைக்காரரும் முதலில் அப்படித்தான் எண்ணினார். ஆனால் இந்தப் பாட்டி தாம் சொன்னதை ஒவ்வொன்றாகப் பாத்திரத்தின் மேலேயே காட்டினார். பாத்திரத்துக்குப் பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. ஆனாலும் அது எங்கே பிறந்தது, யார் வீட்டில் இருந்தது, எத்தனை அடி வாங்கியது என்பதெல்லாம் அதன் உடம்பிலேயே பதிந்திருக்கும். படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைந்துபோனார்கள்.

சொட்டையிலிருந்து தொடங்கலாம். பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். பாத்திரம் செய்யும் பித்தளையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு செம்பு இருக்கும். தகடாக அடித்து உருவாக்கக்கூடியது என்பதால் அடிபட்டால் நெளியும், உள்வாங்கும். வெண்கலம் அப்படி இல்லை. அது செம்பும் வெள்ளீயமும் கலந்தது. பாத்திர வெண்கலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே வெள்ளீயம் சேரும். அச்சில் உருக்கி ஊற்றித்தான் வார்ப்பார்கள். விரலால் சுண்டினால் மணிபோல நீள ஒலிக்கும், கீழே போட்டால் கீறல் விடும். அதனால்தான் வெண்கலப் பானையைத் தூக்கும்போது வீட்டில் எல்லோரும் கத்துவார்கள். ஒலக்கை விழுந்தும் விரியாமல் சொட்டையோடு தப்பிய பாத்திரம் என்றால் அது பித்தளையாகத்தான் இருக்க வேண்டும். சொட்டை எடுப்பவரிடம் கொடுத்தால் உள்ளேயிருந்து தட்டி நேர் செய்துவிடலாம். ஆனால் தவலையின் வாய் குறுகி வயிறு பெருத்திருப்பதால், கழுத்துக்கு அடியில் விழுந்த சொட்டைக்குச் சுத்தியல் எட்டாது. இந்தத் தவலையில் சொட்டை விழுந்த இடம் அதுதான். வெளியே பாலிஷ் போட்டவர்கள் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.

சொட்டை ஒன்றே சாட்சியாகிவிடாது என்பது பாட்டிக்கும் தெரிந்திருந்தது. “அடியைத் திருப்பு தம்பி, செவப்பா இருக்கும்” என்றார். கடைப் பையன் திருப்பிக் காட்டினான். மேல்பாதி மஞ்சள், கீழ்பாதி செக்கச் செவேல். இரண்டும் சேரும் இடத்தில் ரம்பப் பல் கோத்ததுபோல ஒரு வளையம். இரண்டு உலோகத்தில் செய்த அபூர்வமான வேலைப்பாடு என்று வாங்க வருகிறவர்களிடம் கடையில் சொல்லி வந்திருக்கிறார்கள். பாட்டி சொன்ன கணக்கு வேறு. பெரிய பித்தளைப் பாத்திரங்கள் பலவற்றை மேல்பாதி, கீழ்பாதி என்று தனித்தனித் தகட்டில் அடித்து, விளிம்புகளைப் பல் பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்து, வெங்காரமும் பித்தளைப் பொடியும் வைத்து நெருப்பில் பற்றவைப்பது வழக்கம். பல் வைத்துக் கோப்பதால் மூட்டு பிரியாது. அழகுக்காகச் செய்தது இல்லை, உறுதிக்காகச் செய்தது. பாலிஷ் போட்டால் அந்த மூட்டு வேறு நிறத்தில் கோலம் போட்டதுபோலத் தெரியும்.

அடி ஏன் சிவப்பு? தினமும் விறகடுப்பில் ஏறி இறங்கி, கிணற்றடியில் புளியும் செங்கல் தூளும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கல் தரையில் இழுபட்டுப் பத்து வருஷத்தில் தவலையின் அடி காகிதமாகத் தேய்ந்துவிடும். முதலில் பொட்டு பொட்டாக ஒழுகும். அப்போது அடி மாற்றுவார்கள். பழைய அடியை மூட்டோடு வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டைக் கோத்துப் பற்றவைப்பார்கள். அந்த முறை ஊருக்கு வந்த பாத்திரக்காரரிடம் ஏற்ற கனத்தில் பித்தளைத் தகடு இல்லை. செம்புத் தகடுதான் இருந்தது. “செம்பே போடுங்க, சூடு சீக்கிரம் ஏறும்னு நான்தான் சொன்னேன். கூலிக்கு ரெண்டு மரக்கா நெல்லு” என்றார் பாட்டி. விறகு மிச்சம் என்று கணக்குப் பார்த்துச் செய்த ஒரு காரியம் அரை நூற்றாண்டு கழித்து அபூர்வ வேலைப்பாடாக விலைக்கு நின்றது.

மூன்றாவது சாட்சி பெயர். சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டிக் கொடுப்பது நம் ஊரில் எல்லாச் சாதியிலும் இருந்த பழக்கம். ஆசைக்காக மட்டும் வெட்டியதில்லை, அதற்குத் தேவையும் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று எந்த விசேஷம் வந்தாலும் ஊரிலிருக்கும் பெரிய பாத்திரங்கள் எல்லாம் ஒரே வீட்டு முற்றத்துக்கு வந்துவிடும். முடிந்ததும் பிரித்து எடுத்துப் போகப் பெயர் வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் நாலு மருமகள்களின் பாத்திரமும் ஒரே அடுக்களையில் புழங்கும். பாகம் பிரியும் நாளில் எது யாருடையது என்று பார்க்கப் பெயர்தான் உதவும். பாட்டியின் தகப்பனார் கும்பகோணத்தில் பாத்திரம் வாங்கிய கையோடு, கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் தம் முதலெழுத்தையும் மகள் பெயரையும் வெட்டச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை பெயரை வெட்டவில்லை. அந்தக் காலத்தில் நிலம், வீடு, வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை எல்லாம் ஆண்களின் பெயரில் இருந்த ஒரு வீட்டில், அந்தப் பெண்ணின் பெயர் எழுத்தில் இருந்த இடம் பாத்திரங்களின் கழுத்து மட்டுமே. இதை நான் மிகையாகச் சொல்லவில்லை. 1957 வைகாசியில் கல்யாணமாகி வந்த அவருடைய பெயர் அச்சிலோ எழுத்திலோ வேறு எங்கே இருந்தது என்று கேட்டேன். “கல்யாணப் பத்திரிகையில இருந்துச்சு” என்றார். அதை யாரும் பத்திரப்படுத்தவில்லை.

கடைக்குள் பெயரைத் தேடியபோது கழுத்து வழுவழுவென்று இருந்தது. பஃபிங் மெஷினில் துணிச் சக்கரம் சுழன்று தேய்த்ததில் மேல்தோல் போயிருந்தது. பாட்டி அசரவில்லை. கல்லாவுக்கு மேலே சாமி படத்தின் முன்னால் இருந்த விபூதியைக் கேட்டு வாங்கினார். இரண்டு சொட்டுத் தண்ணீரில் குழைத்துக் கழுத்தைச் சுற்றிப் பூசினார். சற்றுக் காயவிட்டு முந்தானையால் லேசாக ஒற்றித் துடைத்தார். பள்ளத்தில் தங்கிய விபூதி மட்டும் வெள்ளையாக நின்றது. முதலெழுத்து பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது, நடு எழுத்துகள் கீற்றுக் கீற்றாக இருந்தன, கடைசி ‘லை’ மட்டும் தெளிவாக வந்தது. அதற்கு அடுத்து ‘4 வீ’ என்று ஒரு குறிப்பு.

அந்த ‘லை’ இன்று நாம் எழுதுகிற ‘லை’ இல்லை. யானைத் துதிக்கை மாதிரி முன்னால் வளைந்து எழுத்தோடு ஒட்டிக்கொண்ட பழைய ‘லை’. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு பாடப்புத்தகத்திலும் அச்சிலும் அந்த வடிவம் மறைந்துவிட்டது. ஆனாலும் பெரியவர்கள் பலர் அதன்பிறகும் பழைய வழக்கப்படிதான் எழுதினார்கள். ஆகவே அந்த எழுத்தை மட்டும் வைத்துப் பாத்திரத்தின் வயதை முடிவு செய்யக்கூடாது. ‘4 வீ’ தான் கூடுதல் பலம். வீசை என்பது பழைய சென்னை மாகாண நிறை. நாற்பது பலம் ஒரு வீசை, இன்றைய கணக்கில் ஒரு கிலோ நானூறு கிராம். பாத்திரங்களை நிறைக்கு விற்றதால் நிறையையும் அதன் மேலேயே வெட்டுவார்கள். 1958 அக்டோபரில் தொடங்கி 1962க்குள் நாடு முழுவதும் கிலோ கட்டாயமானது. வீசைக் கணக்கு வெட்டிய பாத்திரம் பெரும்பாலும் அதற்கு முந்தியது.

நாலு வீசை என்றால் ஐந்து கிலோ அறுநூறு. கடையில் இருந்த மின்தராசில் வைத்தார்கள். ஐந்து கிலோ முந்நூற்றைம்பது காட்டியது. அடி மாற்றியிருக்கிறது, இருபது வருஷம் தேய்த்திருக்கிறது, மெஷின் வேறு சுரண்டியிருக்கிறது. கால் கிலோ குறைந்ததில் வியப்பில்லை. அந்த நிமிடத்தோடு கடைக்காரர் வாதாடுவதை விட்டுவிட்டார். பாட்டியின் கையில் ஒரு டம்ளர் காபி வந்தது.

தவலை எப்படி அங்கே போனது? 1960களின் கடைசியிலும் 70களிலும் எவர்சில்வர் வீடு வீடாக வந்தது. தலையில் கூடையோடு வந்தவர்களிடம் பித்தளைக் குடத்தையும் போகணியையும் எடைக்குக் கொடுத்து, பளபளப்பான தூக்குகளையும் தட்டுகளையும் வாங்கினார்கள். ஏமாந்து கொடுத்தார்கள் என்று இன்று சொல்வது சுலபம். ஈயம் பூச ஆள் தேட வேண்டாம், புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், களிம்பு ஏறுமோ என்ற பயம் வேண்டாம் என்பது அடுக்களையில் நின்றவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். இந்தப் பாட்டியும் மூன்று குடத்தையும் ஒரு அண்டாவையும் மனமொப்பித்தான் கொடுத்திருக்கிறார். அவற்றைப் பற்றி அவருக்கு வருத்தமே இல்லை.

தவலை போனது வேறு விதம். 1977 நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினம் பக்கம் கரை கடந்த புயலில் அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கடலோரம் சீரழிந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் குத்தகை நிலத்தில் சம்பா நின்றிருந்தது. பயிர் தண்ணீருக்குள் போனது, கூரை காற்றோடு போனது. தை பிறந்தபோது வீட்டில் அறுக்க நெல் இல்லை. ஒரு நாள் பாட்டி வயலுக்குப் போய்த் திரும்பியபோது அடுக்களை மூலையில் தவலையும் குத்துவிளக்கும் இல்லை. கணவர் அடகு வைத்திருந்தார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், கேட்கவில்லை என்பதுதான் இன்றுவரை அவருடைய குறை. “விளக்கை மூட்டுட்டார். தவலைக்கு வட்டி கட்ட முடியல. ரசீது சட்டைப் பையிலேயே கெடந்து நஞ்சு போச்சு.”

நகையைத் தவிர வேறு எதையும் அடகு பிடிக்காத கடைகள்தான் இன்று அதிகம். அன்று பாத்திர அடகு சாதாரணம். 1943இல் வந்த அடகுக்காரர்கள் சட்டப்படி, வைத்த பொருளை மீட்க ஒரு வருஷமும் ஏழு நாளும் தவணை. அதற்குள் மீட்காத பொருள் ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர்களில் பெரும்பாலோர் பாத்திர வியாபாரிகள். பெயர் வெட்டிய பழைய பாத்திரம் என்றால் நேராக உலைக்குப் போகும். உருக்கிப் புதுப் பாத்திரமாகிவிடும். சீர் கொண்டுவந்த பித்தளையில் பெரும்பகுதி இப்படித்தான் உருத்தெரியாமல் போனது. இந்தத் தவலை ஏன் தப்பியது என்பதற்கான விடையும் அதன் கழுத்திலேயே இருந்தது.

விபூதியைக் கழுத்தின் மறுபக்கமும் பூசியபோது இன்னொரு பெயர் தெரிந்தது. உளியால் கோடாக வெட்டியதில்லை. மோட்டாரில் அதிரும் ஊசியால் புள்ளி புள்ளியாகப் போட்டது, ஆழம் குறைவு. மணமகளின் பெயர், கீழே 1981ஆம் ஆண்டின் ஒரு தேதி. ஏலத்தில் போன தவலையை யாரோ உருக்காமல் துலக்கி, முந்தைய பெயருக்கு எதிர்ப்பக்கம் புதுப் பெயர் போட்டு, வேறொரு பெண்ணுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்திருக்கிறார்கள். அதாவது இது இரண்டு பெண்களின் கல்யாணப் பாத்திரம். கடைக்காரருக்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது ஒரே ஒரு படிதான்: காரைக்குடியிலிருந்து வந்த ஒரு லாரிச் சரக்கில் இதுவும் ஒன்று. பழம்பொருள் வியாபாரத்தில் ஒவ்வொருவருக்கும் தமக்கு முந்தைய ஆளை மட்டும்தான் தெரியும். பெரிய வீடு இடிக்கும்போதும், பாகம் பிரியும்போதும், பிள்ளைகள் வெளிநாட்டில் குடியேறிய பிறகும் பாத்திரங்கள் மொத்தமாக எடைக்கு வரும். அதில் நல்லதைப் பொறுக்கித் தனியே வைத்து நகரத்துக்கு அனுப்புவார்கள். மிச்சம் உலைக்கு.

பேத்திக்குக் கோபம். அம்மாச்சியின் பொருளை அம்மாச்சியே காசு கொடுத்து வாங்குவதா? சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்திருக்கிறார். இதில் ஒரு பக்கம் பாட்டிக்கு முழு ஆதரவு இருக்கிறது. பெண்ணுக்குச் சீராக வந்த நகையும் பாத்திரமும் அவளுக்கு மட்டுமே சொந்தம், அவை கணவனிடம் இருந்தாலும் அவன் வெறும் பொறுப்பாளன்தான் என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கேட்காமல் அடகு வைத்தது தவறு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வழக்கு கணவர்மீதுதான் போகும், அவர் இறந்துவிட்டார். திருட்டுப் பொருளாக இருந்தால் கதை வேறு. விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது என்பது 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் பொது விதி. இந்தத் தவலை அடகுக் கடையில் தவணை கடந்து, ஏலம் போய், கை மாறி வந்தது. அந்தக் கடைக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை. அவரைச் சட்டத்துக்கு இழுப்பதில் எனக்கும் நியாயம் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சட்டத்தின் கண்ணில் இது ‘தொல்பொருள்’ இல்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் சட்டப்படி நூறு வயதுக்குக் குறையாத பொருளுக்குத்தான் அந்தப் பெயர். அறுபது எழுபது வயதுப் பாத்திரத்தை ‘ஆன்டிக்’ என்று சொல்வதெல்லாம் கடைப் பேச்சு. இப்போது புதுப் பித்தளையை அமிலத்தில் நனைத்துக் கறுக்க வைத்து, போலியாக முதலெழுத்தும் வெட்டி விற்பதும் நடக்கிறது. உண்மையாகப் புழங்கிய பாத்திரம் ஒரே சீராகத் தேய்ந்திருக்காது. வாய் விளிம்பில் கரண்டி தட்டிய பக்கம் ஒன்று தேய்ந்திருக்கும், அடியில் தரையில் உட்கார்ந்த வட்டம் மட்டும் மழுங்கியிருக்கும், வெட்டிய எழுத்தின் ஓரங்கள் விரலுக்குக் கூர்மையாகப் படாது. கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால், கைவிரல் நுழையாத மூலையிலும் எழுத்து கூராக இருந்தால், அது சமீபத்திய வேலை.

தவலைக்குக் கடையில் போட்டிருந்த விலை ஒன்பதாயிரம். எடைக்குப் போட்டால் இரண்டாயிரம் சொச்சம்தான் தேறும். கடைக்காரர் தாம் வாங்கிய விலையைச் சொல்லி, அதையே கொடுங்கள் பாட்டிம்மா என்றார்: நான்காயிரத்து ஐந்நூறு. பாட்டி அதிலும் ஐந்நூறு குறைத்தார். அப்பா வாங்கியபோது இவ்வளவு கொடுக்கவில்லை என்று அவர் வாதாடியதைப் பேத்தி இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார். பில் போட்ட பிறகு கடைக்காரர் ஒரு உதவி செய்ய முன்வந்தார். மெஷினில் ஒரு சுற்றுக் காட்டினால் அந்த இரண்டாவது பெயர் போய்விடும், உங்கள் பெயரை மட்டும் புதிதாக ஆழமாக வெட்டித் தருகிறேன் என்றார்.

பாட்டி ஒப்பவில்லை. “அந்தப் பொண்ணும் அப்பன் வீட்டுலேருந்து கொண்டாந்ததுதானே தம்பி. அவ எதுக்குக் குடுத்தாளோ. இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார்.

தவலை இப்போது மீன் விட்டு வைக்கவும் இல்லை, வரவேற்பறையில் நிற்கவும் இல்லை. பாட்டி முதலில் செய்த வேலை ஈயம் பூச ஆள் தேடியது. அது எளிதாகக் கிடைக்கவில்லை. கடையில் பளபளப்பு மங்காமல் இருக்கப் பூசியிருந்த லாக்கரை முதலில் நீக்க வேண்டியிருந்தது. அதை அடுப்பில் ஏற்றினால் கருகிப் புகையும், சோற்றில் சேரும். பிறகு உட்புறத்தைத் துலக்கி, கரி அடுப்பில் வைத்துத் துருத்தி ஊதி, சூடு ஏறியதும் நவச்சாரம் தூவினார் ஈயம் பூசுகிறவர். வெண்புகை எழும்பியதும் வெள்ளீயக் குச்சியால் ஒரு கோடு இழுத்து, பஞ்சுப் பொதியால் சுற்றிச் சுற்றித் துடைத்தார். பாத்திரத்தின் உட்புறம் நிலவு நிறமானது. பூசுவது சுத்தமான வெள்ளீயம்தானா, காரீயம் கலந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். காரீயம் உடம்புக்கு நஞ்சு. பாட்டி கேட்டார், குச்சியை வளைத்துக் காட்டச் சொன்னார். வெள்ளீயக் குச்சி வளையும்போது நெறுநெறுவென்று மெல்லிய சத்தம் எழும், காரீயத்தில் அந்தச் சத்தம் வராது. பழைய பித்தளையை அலங்காரத்துக்கு வாங்கி, ஆசைக்கு ஒருநாள் சாம்பார் வைத்துப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஈயம் இல்லாத பித்தளையில் புளி பட்டால் செம்பு கரைந்து உணவில் இறங்கும், வாந்தி வரும்.

இந்த ஆண்டு பொங்கலுக்கு அதில்தான் பொங்கினார்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்றிரண்டு இருக்கக்கூடும். அவற்றைக் கொடுப்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம். கொடுப்பதற்கு முன்னால் கழுத்தில் கொஞ்சம் விபூதியோ அரிசி மாவோ பூசித் துடைத்துப் பாருங்கள். பெயர் தெரிந்தால் சாய்வான வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். யாருடையது, எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம் வந்தது என்று வீட்டில் மூத்த பெண்களிடம் கேட்டு அந்தப் படத்தோடு எழுதி வையுங்கள். பாலிஷ் போடக் கொடுப்பதானால், கடையில் வாங்கியதாக இருந்தாலும் சரி, கழுத்துப் பக்கம் மெஷின் வைக்க வேண்டாம், கையால் துலக்கினால் போதும் என்று சொல்லிக் கொடுங்கள்.